பன்னிரண்டாவது பாரில் E7 போட்டுப் பாருங்கள்

கேள்வி: கிற்றாரில் A7, D7, E7 மூன்று கோட்டும் பிடிப்பேன். பன்னிரண்டு பார் புளூஸ் வாசித்தால் ஒவ்வொரு சுற்றும் முடிந்துபோன மாதிரிக் கேட்கிறது. எப்படித் தொடர்வது?

பன்னிரண்டாவது பாரிலும் A7-லேயே நிற்கிறீர்கள் போல. பாட்டு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டது, பிறகு எப்படி வெளியே கிளம்பும்? அந்த ஒரு பாரில் E7 போடுங்கள்.

```
| A7 | A7 | A7 | A7 |
| D7 | D7 | A7 | A7 |
| E7 | D7 | A7 | E7 |
```

எண்ணிக்கை தவறுவது பெரும்பாலும் ஏழாவது, எட்டாவது பாரில்தான். கிளிநொச்சியில் நாங்கள் பழகிய காலத்தில், நான் எட்டில் நிற்க பேஸ் வாசித்தவன் ஒன்பதுக்குப் போய்விடுவான். எண்ணுவதை விட்டுப் பாடத் தொடங்கிய பிறகுதான் சரிவந்தது. புளூஸில் முதல் வரி இரண்டு தரம் வரும், மூன்றாவது வரி பதில்:

விடியப் போன பஸ் இன்னும் வரேல்லை
விடியப் போன பஸ் இன்னும் வரேல்லை
நடந்தால் வெயில், நின்றால் வேலை போச்சு

வரிக்கு நாலு பார். ஏறக்குறைய இரண்டு பாரில் பாட்டு முடிந்துவிடும், மிச்சம் இரண்டில் கிற்றார் பேச வேண்டும். மூன்றாவது வரிக்குப் பின் வரும் அந்த இடைவெளி, அதாவது பதினொன்றும் பன்னிரண்டும்தான், பாட்டை மறுபடி முதல் பாருக்குத் திருப்பிவிடும் டர்ன்அரவுண்ட்.

முதலில் கீழிருந்து ஏறும் ஒன்றைப் பழகுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு சுரம்:

```
D|-------0--1-|-2--
A|-0--4-------|----
```

நாலாவது ஃபிரெட்டை மோதிர விரலால் அழுத்துங்கள். அடுத்தது வெறும் கம்பி என்பதால், அது ஒலிக்கும் நேரத்தில் கையை முதல் ஃபிரெட்டுக்கு நகர்த்திவிடலாம். பன்னிரண்டாவது பாரின் முதல் தட்டில் அந்த E சுரம், மிச்சம் மூன்று தட்டிலும் E7. கோட் பிந்தி விழுந்தால் வேகத்தைக் குறையுங்கள். அடுத்த சுற்றின் முதல் தட்டைத் தள்ளிப்போடாதீர்கள். கூட வாசிப்பவர் காத்திருக்க மாட்டார்.

அது கைக்கு வந்ததும், அதே E-க்கு மேலிருந்து இறங்குங்கள்:

```
E|----5--5--5-|-5--
D|----5--4--3-|-2--
A|-0----------|----
```

மெல்லிய கம்பியில் சுண்டுவிரல் ஐந்தாவது ஃபிரெட்டை விட்டு அசையக்கூடாது. D கம்பி மட்டும் ஒவ்வொரு ஃபிரெட்டாக இறங்கும். மேலே ஒரே சுரம் நிற்பதால்தான் கீழே இறங்குவது அவ்வளவு தெளிவாகக் கேட்கிறது. எனக்கு இதுதான் பிடிக்கும், ஆனால் எல்லாச் சுற்றிலும் போட்டால் அலுத்துவிடும். ஒரு சுற்றுக்கு ஏறுங்கள், மறு சுற்றுக்கு இறங்குங்கள், இடையில் சும்மா E7 மட்டும் அடியுங்கள்.

பாட்டை முடிக்கும் சுற்றில் மட்டும் பன்னிரண்டில் E7 வேண்டாம். நீங்கள் இப்போது வாசிக்கிற மாதிரியே A7-ல் நின்றுவிடலாம்.