வட்டக் கரைக்கு எத்தனை யூனிட் மண்? எந்தச் சுற்றளவை எடுப்பது?

*"ஏர்வாடிக்கும் வாலிநோக்கத்துக்கும் இடையில் எங்கள் ஊர். ஊருணியைச் சுற்றி வட்டமாகக் கரை போட்டிருக்கிறோம். இங்கே இருப்பது கடல் மணல், தண்ணீர் நிற்காது என்பதால் செம்மண் வெளியிலிருந்து வந்தது. கரையின் உள் ஓரத்தில் ஊருணியின் விட்டம் 100 அடி. கரையின் அடி அகலம் 24, மேல் அகலம் 6, உயரம் 6 அடி. தண்ணீர்ப் பக்கச் சரிவு 12 அடி ஓடுகிறது, வெளிப்பக்கம் 6 அடி. வரத்துக் கால்வாய்க்காக ஓர் இடத்தில் 10 அடி விட்டிருக்கிறோம். கான்ட்ராக்டர் வெளி ஓரத்தில் டேப் போட்டு 418 யூனிட் என்கிறார். பிளஸ் டூ படிக்கும் தங்கச்சி மகள் உள் ஓரத்தை வைத்து 283 என்கிறாள். அவளுடைய சாரோ பாப்பஸ் தேற்றத்தைப் பார் என்றாராம். யார் சொல்வது சரி, அண்ணே?"*

இரண்டுமே தப்பு. கால்வாய் இடைவெளியைக் கழிக்காமல் பார்த்தால் 357 யூனிட், கழித்தால் 348. சார் சரியான இடத்தைத்தான் காட்டியிருக்கிறார்.

கரையைக் குறுக்கே ஒரு வெட்டு வெட்டினால் தெரியும் உருவத்தின் பரப்பில் மூன்று பேருக்கும் சண்டை இல்லை. அடி அகலம் 24, மேல் அகலம் 6, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 15, அதை உயரம் 6-ஆல் பெருக்கினால் 90 சதுர அடி. இந்த 90-ஐ எவ்வளவு நீளத்தால் பெருக்குவது என்பதில்தான் தகராறு. நேரான கரை என்றால் இந்தக் கேள்வியே வராது, உள் ஓரமும் வெளி ஓரமும் ஒரே நீளம். வட்டமாக வளைந்துவிட்டால் அப்படி இல்லை. கரையின் குறுக்கே ஒரு மூங்கிலை நீட்டி, இரு முனையிலும் ஆளுக்கு ஒருவராகப் பிடித்துக்கொண்டு ஊருணியை ஒரு சுற்று வந்தால், உள்ளே இருப்பவர் 314 அடி நடப்பார், வெளியே இருப்பவர் 465 அடி நடக்க வேண்டும். 314-ஐ வைத்தவள் வெளிப்பக்க மண்ணைக் குறைத்துவிட்டாள், 465-ஐ வைத்தவர் உள்பக்க மண்ணுக்கும் வெளிப்பக்க நீளத்தையே கொடுத்துவிட்டார்.

அப்படியானால் நடுவில் எங்கோ ஒருவர் நடக்கும் தூரம் சரியாக இருக்க வேண்டும் இல்லையா? அந்த இடம் எது என்பதைத்தான் இந்தத் தேற்றம் சொல்கிறது: குறுக்குவெட்டின் சென்ட்ராய்டு, அதாவது அந்த உருவத்தின் பரப்பு மையம், எவ்வளவு தூரம் சுற்றுகிறதோ, அந்தத் தூரத்தைப் பரப்பால் பெருக்கினால் கன அளவு. அலெக்சாண்ட்ரியாவில் 4-ஆம் நூற்றாண்டில் இருந்த பாப்பஸ் சொன்னது, 17-ஆம் நூற்றாண்டில் பால் குல்டின் திரும்ப எடுத்துச் சொன்னதால் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். எழுதினால் இவ்வளவுதான்:

V = 2πRA

A என்பது பரப்பு, R என்பது ஊருணியின் மையத்திலிருந்து சென்ட்ராய்டு வரை கிடைமட்டமாக உள்ள தூரம். கிடைமட்டம் என்பதைக் கவனியுங்கள், சென்ட்ராய்டு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது இந்தக் கணக்குக்கு வேண்டவே வேண்டாம்.

ஏன் இப்படி என்பதற்குப் பெரிய நிரூபணம் ஒன்றும் தேவையில்லை. குறுக்குவெட்டை நெட்டுக்குத்தாக மெல்லிய கீற்றுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். மையத்திலிருந்து x தூரத்தில் இருக்கும் ஒரு கீற்று ஒரு சுற்று வந்தால் 2πx தூரம் போகும், அதன் பரப்பு a என்றால் அது தரும் மண் 2πxa. எல்லாக் கீற்றுக்கும் இதைப் போட்டுக் கூட்டினால் 2π பொதுவாக வெளியே வந்துவிடும், உள்ளே xa-க்களின் கூட்டல் மட்டும் மிஞ்சும். அந்தக் கூட்டலை மொத்தப் பரப்பால் வகுத்தால் கிடைக்கும் சராசரித் தூரத்துக்குத்தான் சென்ட்ராய்டின் தூரம் என்று பெயர். அவ்வளவுதான் விஷயம்.

இப்போது உங்கள் கரை. சென்ட்ராய்டு அடியின் நடுவில் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது, ஏனென்றால் உங்கள் கரையின் இரண்டு சரிவும் ஒன்றுபோல இல்லை. உள் ஓரத்திலிருந்து அளப்போம். வெட்டை மூன்றாகப் பிரிக்கலாம்: தண்ணீர்ப் பக்கம் ஒரு முக்கோணம், நடுவில் ஒரு சதுரம், வெளிப்பக்கம் இன்னொரு முக்கோணம். உள் முக்கோணத்தின் பரப்பு 36 சதுர அடி. செங்கோண முக்கோணத்தில் சென்ட்ராய்டு உயரமான பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி இருக்கும், ஆகவே உள் ஓரத்திலிருந்து 8 அடி. நடுச் சதுரமும் 36 சதுர அடி, அதன் நடு 15-ஆவது அடியில். வெளி முக்கோணம் 18 சதுர அடி, அது 18-ஆவது அடியில் தொடங்குகிறது, இரண்டு அடி சேர்த்தால் 20. பரப்பையும் தூரத்தையும் பெருக்கிக் கூட்டுங்கள்: 288, 540, 360, மொத்தம் 1188. இதை 90-ஆல் வகுத்தால் 13.2 அடி.

அடியின் நடு 12-இல் இருக்கிறது, மேல்தளத்தின் நடு 15-இல். சென்ட்ராய்டு இரண்டிலும் இல்லாமல் 13.2-இல் நிற்கிறது. கரை மேலே நடந்து நடுவில் டேப் பிடிப்பது நம் பக்கம் நிறையப் பேர் செய்வது, சுலபமும்கூட. ஆனால் உங்கள் கரையில் அப்படிச் செய்தால் 368 யூனிட் வரும், 10 யூனிட்டுக்குச் சற்று மேல் அதிகம். அடியின் நடுவை எடுத்தால் 351, அது குறைவு. இரண்டு பக்கச் சரிவும் சமமாக இருக்கும் கரையில் மட்டும் மேல்தளத்தின் நடு, அடியின் நடு, சென்ட்ராய்டு மூன்றும் ஒரே கோட்டில் வந்துவிடும், அங்கே மேலே டேப் பிடிக்கலாம், தப்பில்லை.

சரி, உள் ஆரம் 50, அதோடு 13.2 சேர்த்தால் R = 63.2 அடி. சென்ட்ராய்டு சுற்றும் தூரம் 397.1 அடி. அதை 90-ஆல் பெருக்கினால் 35,739 கன அடி, 100 கன அடி ஒரு யூனிட் என்று வைத்தால் 357. சந்தேகம் இருந்தால் மூன்று துண்டையும் தனித்தனியாகச் சுற்றிப் பாருங்கள்: 36-ஐ 58-ஆலும், 36-ஐ 65-ஆலும், 18-ஐ 70-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 5688. 90-ஐ 63.2-ஆல் பெருக்கினாலும் அதே 5688. தங்கச்சி மகளை இந்த ஒன்றைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், தேற்றம் பிடிபட்டுவிடும்.

கால்வாய்க்கு விட்ட 10 அடியின் இரண்டு பக்கச் சுவரும் ஒன்றுக்கொன்று இணையாக, நெட்டுக்குத்தாக இருந்தால் 10-ஐ 90-ஆல் பெருக்கிக் கழித்தால் போதும், 9 யூனிட். மையத்திலிருந்து வெளிப்பக்கமாக விரிந்துபோகும் இடைவெளி என்றால் உள் ஓரத்து 10 அடி சென்ட்ராய்டு இருக்கும் இடத்தில் ஏறக்குறைய 12.6 அடியாகிவிடும், அப்போது கழிப்பது 11 யூனிட்டுக்குச் சற்று மேல்.

இன்னொன்று உங்களுக்குப் பயன்படும். நிஜத்தில் எந்த ஊருணியும் காம்பஸ் வைத்துப் போட்ட வட்டமாக இருப்பதில்லை, கொஞ்சம் நீண்டு, கொஞ்சம் நெளிந்து இருக்கும், மையம் எங்கே என்று தேடுவதே வீண்வேலை. தேடவும் வேண்டாம். உள் ஓரத்தோடு டேப்பை ஒட்டிப் பிடித்து முழுச் சுற்றையும் அளந்து, அதோடு 2π × 13.2, அதாவது 83 அடியைச் சேர்த்துவிடுங்கள், அதுதான் சென்ட்ராய்டு போகும் தூரம். உங்கள் வட்டத்திலேயே சரிபார்க்கலாம், 314-உம் 83-உம் 397. ஊருணி எந்த வடிவமாக இருந்தாலும் ஒரு சுற்று வந்தால் நாம் திரும்பும் கோணம் மொத்தம் 360 டிகிரிதான், அதனால்தான் சேர்க்க வேண்டிய தொகை மாறுவதில்லை. கரை திரும்பும் இடமெல்லாம் கூராக இல்லாமல் வளைந்தே திரும்ப வேண்டும் என்பது நிபந்தனை. நான்கு மூலையும் கூராக, வெளிப்பக்கமும் கூராகவே முடியும் சதுர ஊருணி என்றால் 2π-க்குப் பதில் 8 போட வேண்டும், 83-க்குப் பதில் 105.6 அடி வரும், மூலைகளில் அவ்வளவு மண் கூடுதலாக உட்காரும்.

தேற்றம் எங்கே கைவிடும் என்றால், வெட்டு இடத்துக்கு இடம் மாறும்போது. கிழக்கே 6 அடி உயரம், மேற்கே 4 அடி என்றால் ஒரே A-யை வைத்துப் பெருக்க முடியாது. உயரம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் துண்டுகளாகக் கரையைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதன் பரப்பையும் அதன் சென்ட்ராய்டு போகும் வில்லின் நீளத்தையும் தனியாக எடுக்க வேண்டும். அகலத்தை அளக்கும்போது டேப் கரைக்குச் செங்குத்தாக, மையத்தைப் பார்த்து நிற்கிறதா என்றும் பாருங்கள், சாய்வாகப் பிடித்தால் 24 அடி சத்தமில்லாமல் 26 ஆகிவிடும், பரப்பும் கூடவே ஏறும். மழை பெய்து வெளிச்சரிவு சரிந்திருந்தால் பழைய அளவுகள் செல்லாது. உங்கள் வெளிச்சரிவு ஒன்றுக்கு ஒன்று என்று கடுமையாக இருப்பதால் அதற்கு வாய்ப்பும் அதிகம். வளைந்து சரிந்த வெட்டுக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை என்றால் ஓர் அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அட்டையில் வரைந்து வெட்டி, ஓரத்தில் குண்டூசி குத்தித் தொங்கவிட்டு, அதே ஊசியிலிருந்து நூல்குண்டு விட்டுக் கோடு போடுங்கள். வேறோர் இடத்தில் குத்தி இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடம் சென்ட்ராய்டு.

கான்ட்ராக்டர் இதைக் கேட்டுவிட்டு, "லாரியில் வந்தது தளர்ந்த மண், ரோலர் ஓட்டினால் இறுகிவிடும், அதற்காகத்தான் கூடுதலாகச் சொன்னேன்" என்று சொல்லலாம். அதில் நியாயம் உண்டு, கரையில் இறுகி நிற்கும் 348 யூனிட்டுக்கு லாரியில் அதைவிட அதிகம்தான் வந்திருக்கும். ஆனால் மண் எவ்வளவு இறுகும் என்பது மண்ணையும் ஈரத்தையும் ரோலரையும் பொறுத்தது, ஊருணியின் அகலத்தைப் பொறுத்தது அல்ல. வெளி ஓரத்தில் டேப் போட்டால் உங்கள் ஊருணியில் 17 சதவீதம் ஏறுகிறது, இதே கரையை 1000 அடி விட்டத்துக்குப் போட்டிருந்தால் இரண்டு சதவீதம்தான் ஏறியிருக்கும். ஆக அந்த 418 மண் இறுகுவதற்கான கணக்கே இல்லை. யூனிட் விலை பேசியது கரையில் அளந்தா, வண்டியில் அளந்தா என்று முதலில் கேளுங்கள். கரை அளவு என்றால் 348-க்குப் பணம், இறுகும் மண் அவர் பொறுப்பு. வண்டி அளவு என்றால் எந்தச் சுற்றளவும் வேண்டாம், லாரித் தொட்டியின் நீள அகல உயரத்தை நீங்களே அளந்து, வந்த லோடு சீட்டுகளை எண்ணிப் பெருக்கிக்கொள்ளுங்கள்.