மூலிகை கேப்சூலும் பிரஷர், சுகர் மாத்திரையும்

கேள்வி: பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். மூலிகை கேப்சூல், ஜிம் பவுடர் எல்லாம் கூடவே எடுக்கலாமா?

கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். நாம் சாப்பிடும் ஒரு பொருள் மருந்தின் வேலையைக் கூட்டினாலோ குறைத்தாலோ, அதுதான் மருந்து ஊடாட்டம்.

அதிமதுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பல மூலிகைக் கலவைகளில் இது இருக்கும். இதிலுள்ள கிளைசிரைசின், சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியேற்றும்படி செய்கிறது. பிரஷருக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர் மாத்திரையோ உப்பை வெளியேற்றத்தான் பாடுபடுகிறது. ஒருவர் தொட்டியிலிருந்து தண்ணீரை இறைக்க, இன்னொருவர் குழாயைத் திறந்துவிடுவது போலத்தான். பிரஷர் ஏறும். பொட்டாசியத்தை அந்த மாத்திரையும் குறைக்கும் என்பதால் இரட்டை இழப்பு வேறு. கணுக்கால் வீக்கம், கெண்டைக்கால் பிடிப்பு, தசைச் சோர்வு, படபடப்பு தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். பொட்டாசியம் மிகவும் குறைந்தால் இதயத்துடிப்பே தடுமாறும்.

சுகர் மாத்திரையில் ஆபத்து எதிர்த்திசையில். கிளிமிபிரைடு இன்சுலினைச் சுரக்கவைக்கும். அதோடு சர்க்கரையைக் குறைக்கும் சாறோ கேப்சூலோ சேர்ந்தால் அளவு 70க்குக் கீழே போகலாம். கை நடுங்கும், வியர்க்கும். உடற்பயிற்சிக்கு முன் குடிக்கும் பவுடர்களில் காஃபின் அதிகம், அதுவும் பிரஷரை ஏற்றும்.

அதனால் டப்பாவையே கொண்டுபோய் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டுங்கள், பெயரை மட்டும் சொன்னால் போதாது. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அப்புறம், “இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும்” என்று பலர் நம்புகிறார்கள். அதிமதுரத்துக்கு அது பொருந்தாது, நிறுத்திய பிறகும் அதன் விளைவு நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும்.