கரண்ட் ரேஷியோ 2, கையில் 4 லட்சம்: இதில் எதை நம்புவது?

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் சின்னதாக அட்டைப்பெட்டி யூனிட் நடத்துகிறேன் சார். ஒரு பயிற்சியில் கணக்கியல் கையேடு கொடுத்தார்கள், அதன் மாதிரிக் கம்பெனிக் கணக்கை இதோடு அனுப்பியிருக்கிறேன். கரண்ட் ரேஷியோ 2 வருகிறது. குவிக் ரேஷியோ நான் போட்டால் 0.71, விடைப் பக்கத்தில் 1.21. எது சரி? 12 லட்சம் லாபம் காட்டும் கம்பெனியின் கையில் ஏன் 4 லட்சம்தான் இருக்கிறது? பாங்கில் எனக்குள்ள கேஷ் கிரெடிட் கடனின், அதாவது சி.சி.யின், லிமிட்டைக் கூட்ட ஒரு ஏஜென்ட், "ரேஷியோவை 1.33க்கு மேல் வர வைத்துத் தருகிறேன்" என்கிறார். நம்பலாமா?

பதில்: இரண்டு விடையும் சரிதான். ஏன் இரண்டு என்று ஒரு வரி எழுதக்கூட அந்தக் கையேட்டுக்காரருக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் அனுப்பிய பக்கத்தில், ஒரு வருடத்துக்குள் காசாக வேண்டிய நடப்புச் சொத்துகள் இவை: ஸ்டாக் 60 லட்சம், பார்ட்டிகளிடமிருந்து வரவேண்டிய பாக்கி 30, ரொக்கமும் பாங்க் இருப்பும் 4, முன்கூட்டியே கட்டிய இன்சூரன்ஸ் 2. ஆக 96. கொடுக்க வேண்டியது சப்ளையர்களுக்கு 24, பாங்க் ஓவர்டிராஃப்ட் என்கிற ஓ.டி. 20, சம்பளம், கரண்ட் பில் பாக்கி 4, ஆக 48. 96ஐ 48ஆல் வகுத்தால் 2. குவிக் ரேஷியோவுக்கு ஸ்டாக்கையும் இன்சூரன்ஸையும் தள்ளிவிட வேண்டும், மிச்சம் 34. அதை 48ஆல் வகுத்தால் உங்கள் 0.71. கையேடு ஓ.டி. 20ஐயும் கழித்துவிட்டு 28ஆல் வகுக்கிறது, அதனால் 1.21.

ஓ.டி.யை ஏன் கழிக்கிறார்கள்? சப்ளையர் அடுத்த மாதம் வாசலில் வந்து நிற்பார், ஆனால் ஓ.டி., சி.சி. கணக்குகளை வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டே போகிறோம், யாரும் மொத்தமாகத் திருப்பிக் கேட்பதில்லை, ஆகவே அது உடனடிக் கடன் இல்லை என்பது நம் பாடப்புத்தகங்களின் பழைய வழக்கம். நடைமுறையில் அது ஓரளவு உண்மையும்கூட. ஆனால் நீங்கள் கையெழுத்துப் போட்ட சாங்ஷன் லெட்டரை எடுத்துப் பாருங்கள், கேட்டவுடன் கட்ட வேண்டிய கடன் என்றுதான் இருக்கும். அதனால் நான் பார்ப்பது லிமிட் எவ்வளவு என்பதை. இந்தக் கம்பெனிக்கு 30 லட்சம் லிமிட் இருந்து 20தான் எடுத்திருக்கிறது என்றால், இன்னும் 10 லட்சம் எடுக்க வழி இருக்கிறது, 1.21ஐ ஒப்புக்கொள்ளலாம். லிமிட்டே 20 லட்சம்தான், முழுதும் எடுத்தாயிற்று என்றால் 0.71தான் நிஜம். லிமிட்டைத் தாண்டியே தொடர்ந்து 90 நாள் கிடந்தால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், அப்போது பாடப்புத்தகத்தைக் காட்டி மேனேஜரிடம் பேச முடியாது. கையேட்டில் லிமிட் எவ்வளவு என்ற தகவலே இல்லை. அதனால் இரண்டையும் போட்டு வையுங்கள், ஆனால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமென்றால் 0.71ஐ வைத்து முடிவெடுங்கள்.

இப்போது லாபம். விற்பனை 200 லட்சம், சரக்கின் அடக்கம் 150, மொத்த லாபம் 50, அதாவது 25 சதவீதம். செலவு 32 போக 18, அது 9 சதவீதம். வட்டி 6 போய், பழைய ஷெட்டை விற்ற லாபம் 4 சேர்ந்து 16, வரி 4 போக நிகர லாபம் 12, அதாவது 6 சதவீதம். ஷெட்டை வருடா வருடம் விற்க முடியாது, அதை எடுத்துவிட்டால் அதே வரி விகிதத்தில் மிஞ்சுவது 9 லட்சம்தான், 4.5 சதவீதம். நிகர லாபத்தைத் தூக்கிக் காட்டுகிறவரிடம் முதலில் 'இதர வருமானம்' என்ற வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

மீதிக் காசு எங்கே என்றால், ஸ்டாக்கில். அடக்கம் 150க்கு ஸ்டாக் 60 என்றால் சரக்கு சராசரியாக 146 நாள் குடோனில் உட்கார்ந்திருக்கிறது, விற்ற பிறகும் பார்ட்டி காசு தர 55 நாள் ஆகிறது. லாபம் என்று எழுதியது காசாக வந்து சேர ஆறு மாதத்துக்கும் மேல். பெரிய கம்பெனிகள் நம் மாதிரி யூனிட்டுக்கு 45 நாளுக்குள் தர வேண்டும் என்று 2006லேயே சட்டம் வந்துவிட்டது. கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்று யாரும் கேட்பதில்லை, அதைத் தெரிந்துதான் அவர்களும் இழுத்தடிக்கிறார்கள்.

ஏஜென்ட் விளையாடுவதும் அந்த 60 லட்ச ஸ்டாக்கில்தான். வருடக் கடைசி ஸ்டாக் என்பது இரண்டு பக்கத்திலும் இருக்கும் எண். 10 லட்சம் கூட்டி எழுதினால் இந்தப் பக்கம் சொத்து 10 கூடும், அந்தப் பக்கம் அடக்கம் 10 குறைந்து லாபமும் 10 கூடும். ஒரே பொய்யில் கரண்ட் ரேஷியோவும் லாப விகிதமும் அழகாகிவிடும். மாதிரிக் கம்பெனியையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். 60ல் 10 லட்சம் செத்த சரக்கு என்று வையுங்கள், கரண்ட் ரேஷியோ 2லிருந்து 1.79க்கு இறங்குகிறது, மொத்த லாபம் 25லிருந்து 20 சதவீதம் ஆகிறது, செலவு போக 9 சதவீதமாக இருந்த லாபம் 4 ஆகிறது. குவிக் ரேஷியோ மட்டும் அசையாமல் 0.71லேயே நிற்கிறது, ஏனென்றால் அதில் ஸ்டாக்கே இல்லை. கரண்ட் ரேஷியோவும் மொத்த லாப விகிதமும் சேர்ந்து ஏறி, ஸ்டாக் நாட்களும் ஏறி, குவிக் மட்டும் அப்படியே கிடந்தால் நான் குடோன் சாவியைத்தான் கேட்பேன்.

உங்கள் தொழிலில் செத்த சரக்கு எது என்று உங்களுக்கே தெரியும். பார்ட்டி பெயர் அச்சடித்த பெட்டி, அவர் டிசைனை மாற்றிவிட்டார், இனி அது கிலோ கணக்கில் வேஸ்ட் பேப்பர்காரருக்குத்தான். அடக்க விலை, விற்றால் கிடைக்கும் விலை, இரண்டில் எது குறைவோ அதைத்தான் ஸ்டாக்கில் எழுத வேண்டும் என்பது கணக்கியல் விதி. ஏஜென்ட் அதை அடக்க விலையில் எழுதுவார், இல்லாத கிராஃப்ட் ரீலையும் சேர்த்துக்கொள்வார். இல்லாத லாபத்துக்கு நீங்கள் வரி கட்டுவீர்கள், இந்தக் கடைசி ஸ்டாக் அடுத்த வருடம் ஆரம்ப ஸ்டாக்காக வந்து லாபத்தைத் தின்னும், அதை மறைக்க இன்னும் கூட்டி எழுத வேண்டும். மாதாமாதம் நீங்கள் பாங்குக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்டோடு அது ஒத்துப்போகாது. மாட்டினால் கையெழுத்து உங்களுடையது, அவர் கமிஷனோடு போயிருப்பார்.

அந்த 1.33 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1975ல் டாண்டன் கமிட்டி, நடப்புச் சொத்து 100 என்றால் 25ஐ நீண்டகாலப் பணத்திலிருந்து போடு என்றது, 100ஐ 75ஆல் வகுத்தால் 1.33. அரை நூற்றாண்டு ஆகியும் சில மேனேஜர்கள் அதை விடுவதாக இல்லை. ஆனால் குறு, சிறு யூனிட்டுக்கு 5 கோடி வரை லிமிட் என்றால், எதிர்பார்க்கும் வருட விற்பனையில் 20 சதவீதத்தை நடைமுறை மூலதனக் கடனாகக் கணக்கிடும் எளிய முறை நாயக் கமிட்டிக் காலத்திலிருந்தே இருக்கிறது, 5 சதவீதம் நீங்கள் போட வேண்டும். 90 லட்சம் விற்பனை என்றால் 18 லட்சம். இதற்கு ஏஜென்ட் தேவையில்லை. ஜி.எஸ்.டி. ரிட்டர்னில் இருக்கும் விற்பனையோடு பொருந்துகிற எண்ணாக எழுதி, செத்த பெட்டிகளை ஸ்டாக்கிலிருந்து கழித்துவிட்டு, "டர்னோவர் முறையில் கணக்கிடுங்கள்" என்று விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுங்கள். கவுன்டரில் வாய்மொழியாக முடியாது என்றால், மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.