ஜப்பானிய மொழியில் நாட்குறிப்பு: மூன்று வரி போதும்

கேள்வி: நான்கு மாதமாக மாலை வகுப்பில் ஜப்பானிய மொழி படிக்கிறேன். ஹிரகானா, கத்தகானா என்ற இரண்டு ஒலியெழுத்து வரிசைகளும் தெரியும். சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்துகள் ஐம்பது இருக்கலாம். தினமும் ஜப்பானிய மொழியில் டைரி எழுதச் சொன்னார் ஆசிரியை. அகராதியைப் புரட்டிப் புரட்டி அரைப் பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. இல்லையென்றால் ‘எழுந்தேன், சாப்பிட்டேன், ஆபீஸ் போனேன்’ என்று நேற்று எழுதியதையே இன்றும் எழுதுகிறேன். ஒரே வாரத்தில் நின்றுவிட்டது. எவ்வளவு எழுதுவது, எதை எழுதுவது, யார் திருத்துவது?
— ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: அந்த ஒரு மணி நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். மனத்தில் முழுத் தமிழ் வாக்கியம் ஒன்று எழுகிறது: ‘மாதக் கடைசி என்பதால் கணக்கை முடிக்கச் சொல்லி மேலாளர் விரட்டியெடுத்தார்.’ அதை அப்படியே ஜப்பானிய மொழிக்குக் கொண்டுபோகப் பார்க்கிறீர்கள். அதில் ஐந்து சொற்களாவது உங்களுக்குத் தெரியாதவை. அகராதியில் எடுத்தாலும் நாளைக்குள் மறந்துவிடும். நான்கு மாத மாணவரிடம் இருப்பது ‘ஷிகொதோ வா தைஹென் தெஷிதா’, அதாவது ‘வேலை கடினமாக இருந்தது’ என்பதுதான். அதை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். நடந்ததற்கும் எழுதியதற்கும் இடைவெளி இருக்கட்டும். மேலாளரை விரட்டித் தீர்க்கத் தமிழ் டைரி இருக்கிறது.

அளவு: மூன்று வாக்கியம், பத்து நிமிடம். பத்து நிமிடம் முடிந்தால் வாக்கியம் பாதியில் நின்றாலும் நோட்டை மூடிவிடுங்கள். எழுதும்போது அகராதியைத் தொட வேண்டாம். தெரியாத சொல் வந்தால் அதைத் தமிழிலேயே எழுதி வட்டமிடுங்கள். எழுதி முடித்த பிறகு, வட்டமிட்டவற்றில் இரண்டை மட்டும் தேடிப் பாருங்கள். ஒரு சொல் மூன்றாம் முறை வட்டமிடப்படுகிறதென்றால் அது உங்கள் வாழ்க்கைக்குத் தேவையான சொல். பாடப் புத்தகத்தின் வரிசைக்குக் காத்திராமல் அதைக் கற்றுக்கொள்ளலாம்.

கையால் எழுதுங்கள். போனில் தட்டினால் அதுவே காஞ்சியாக மாற்றிக் கொடுக்கும். உங்களால் வாசிக்க முடியாத எழுத்துகள் உங்கள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். தெரிந்த காஞ்சியைக் காஞ்சியிலும் மற்றதை ஹிரகானாவிலும் எழுதுங்கள். ஜப்பானில் சிறு குழந்தைகளின் புத்தகங்களில் உள்ளதுபோல் சொற்களுக்கிடையே இடம் விட்டு எழுதினால், ஒரு மாதம் கழித்து நீங்களே வாசிக்க முடியும். கீழே ஒலியைத் தமிழ் எழுத்தில் காட்டுகிறேன். அது வாசிப்பு வசதிக்காக மட்டுமே.

ஜப்பானியப் பள்ளிக் குழந்தைகள் கோடை விடுமுறையில் ‘எனிக்கி’ எழுதுவார்கள்: மேலே படம், கீழே சில வரிகள். அந்தப் பக்கத்தின் உச்சியில் தேதி, கிழமை, வானிலை இருக்கும். இந்த ஒரு வரியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். வானிலைக்கு ‘ஹரே’ (வெயில்), ‘குமோரி’ (மேகமூட்டம்), ‘அமே’ (மழை) என்ற மூன்று சொல் போதும். சென்னையில் பெரும்பாலும் ஒன்றே போதும். உண்மையான லாபம் தேதியில் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் மாதத்தின் முதல் பத்து நாட்களுக்கும் தனித்தனிப் பெயர்: த்ஸுயிதாச்சி, ஃபுத்ஸுகா, மிக்கா, யொக்கா என்று போகும். இருபதாம் தேதி ‘ஹத்ஸுகா’. பட்டியலாக மனப்பாடம் செய்தால் நான்காம் தேதியும் எட்டாம் தேதியும் குழம்பும், ஏனென்றால் ஒன்று ‘யொக்கா’, மற்றது ‘யோகா’. தினமும் அன்றைய தேதியை எழுதி ஒரு முறை வாய்விட்டுச் சொன்னால், இரண்டு மூன்று மாதத்தில் இந்தத் தலைவலி தீர்ந்துவிடும்.

இனி எழுதியதைப் பார்ப்போம். உங்கள் நிலையில் இருக்கும் ஒருவர் எழுதக்கூடிய பக்கம் இது:

‘கியோ வா ரொகுஜி நி ஒகிமாஷிதா. எகி தே தொமொதாச்சி ஓ அயிமாஷிதா. ஹிருகொஹான் வா ஒய்ஷீ தெஷிதா.’

இன்று ஆறு மணிக்கு எழுந்தேன். ஸ்டேஷனில் நண்பரைச் சந்தித்தேன். மதிய உணவு சுவையாக இருந்தது. மூன்று வாக்கியத்தில் இரண்டு பிழை, இரண்டுக்கும் வேர் வேறு.

முதல் வாக்கியம் சரி. ‘ஆறு மணிக்கு’ என்பதில் உள்ள ‘க்கு’ அப்படியே ‘நி’ ஆகிறது. சொல் வரிசையும் தமிழ்தான்; வினை கடைசியில் வருகிறது. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் படும் பாடு நமக்கு இல்லை. இந்தச் சொகுசில்தான் நாம் ஏமாறுகிறோம். இரண்டாவது வாக்கியத்தில் ‘நண்பரை’ என்பதில் உள்ள ‘ஐ’ கையைப் பிடித்து ‘ஓ’ போட வைத்துவிட்டது. ஜப்பானியர் நண்பரைச் சந்திப்பதில்லை, நண்பருக்குச் சந்திக்கிறார்கள்: ‘தொமொதாச்சி நி அயிமாஷிதா.’

இதைவிடப் பெரிய குழி நம்முடைய ‘இல்’. தமிழில் ‘வீட்டில் இருந்தேன்’, ‘வீட்டில் சாப்பிட்டேன்’ இரண்டுக்கும் ஒரே உருபு. ஜப்பானிய மொழியில் இருப்பதற்கு ‘நி’, செயல் நடப்பதற்கு ‘தே’: ‘உச்சி நி இமாஷிதா’, ‘உச்சி தே தபேமாஷிதா’. வாகனத்தில் இன்னும் வேடிக்கை. ரயிலில் வந்தேன் என்றால் ரயில் ஒரு கருவி, எனவே ‘தென்ஷா தே கிமாஷிதா’. ரயிலில் ஏறினேன் என்றால் ரயில் போய்ச் சேரும் இடம், எனவே ‘தென்ஷா நி நொரிமாஷிதா’. (‘தென்ஷா’ என்ற சொல்லுக்கே மின்சார வண்டி என்றுதான் பொருள். அம்பத்தூர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) தமிழ் பேசுபவர் எழுதிய பக்கத்தில் பிழை தேட வேண்டுமானால், முதலில் ‘இல்’ வரும் இடங்களில் தேடுங்கள்.

மூன்றாவது வாக்கியத்தின் பிழைக்குத் தமிழ் பொறுப்பல்ல. ‘ஒய்ஷீ’ போல ‘இ’யில் முடியும் பெயரடைகள் தாங்களே இறந்தகாலம் காட்டும்: ‘ஒய்ஷிகத்தா தெஸ்’, ‘அத்ஸுகத்தா தெஸ்’ (சூடாக இருந்தது). முன்பு பார்த்த ‘தைஹென்’ வேறு இனம். அதற்கு ‘தெஷிதா’ சரி. வகுப்பில் இந்த இரண்டையும் ஒரே நாளில் நடத்திவிட்டுப் போய்விடுவார்கள். டைரியோ முழுக்க முழுக்க இறந்தகாலத்தில் நடப்பது. மூன்றாவது வரியில் எப்படி இருந்தது என்று எழுதுவதை வழக்கமாக்கிக்கொண்டால் இந்த இடத்தைத் தினமும் மிதித்தே ஆக வேண்டும்.

சொன்னதையே சொல்வதற்கு வருகிறேன். எழுந்தேன், சாப்பிட்டேன், போனேன் என்று முதல் இரண்டு வாரம் எழுதுவதில் தவறே இல்லை. அந்த வினைகள் விரலில் ஏற வேண்டும். மூன்றாவது வாரமும் அதே ஏழெட்டு வினைகள்தான் என்றால் டைரி வெறும் கையெழுத்துப் பயிற்சியாகிவிட்டது. அப்போது இரண்டு வழி. ஒன்று, செய்யாததை எழுதுங்கள்: ‘அசகொஹான் ஓ தபேமாசென் தெஷிதா’, காலை உணவு சாப்பிடவில்லை. ஏன் என்ற கேள்வி தானாக வரும். ‘ஒசொகு ஒகிமாஷிதா கரா’ என்று முன்னால் சேர்த்தால் ‘தாமதமாக எழுந்ததால்’ ஆகிவிடும். ‘கரா’ நிற்கும் இடம் நம் ‘ஆல்’ நிற்கும் இடமேதான்.

இன்னொன்று, வகுப்பில் ‘தே’ வடிவம் வந்ததும் மூன்று வாக்கியத்தையும் கோத்துவிடுவது. எழுந்து, சாப்பிட்டு, ஆபீஸுக்குப் போனேன்: ‘ஒகிதே, தபேதே, கைஷா நி இகிமாஷிதா.’ நம் வினையெச்சம்தான் இது. ஒற்றுமை அதோடு நிற்கவில்லை. ‘சாப்பிட்டுப் பார்த்தேன்’ என்பதற்கு ஜப்பானியரும் ‘பார்’ வினையையே சேர்க்கிறார்கள்: ‘தபேதே மிமாஷிதா’. ‘சாப்பிட்டுவிட்டேன்’ என்பதில் உள்ள ‘விடு’வுக்கு ‘ஷிமாவு’: ‘தபேதே ஷிமாயிமாஷிதா’. இதற்கு ஆங்கில விளக்கம் அரைப் பக்கம் ஓடும். நீங்கள் அதைத் தாண்டிப் போகலாம். ஒன்றில் மட்டும் கவனம்: எதிர்பாராமல் நடந்துவிட்டதே என்ற வருத்தம் ஜப்பானிய வடிவத்தில் நம்முடையதைவிட அதிகம் தொனிக்கும். ‘சாப்பிட்டுவிட்டேன்’ என்று சாதாரணமாகச் சொல்லும் இடத்திலெல்லாம் போட்டால், வாசிப்பவருக்கு நீங்கள் அடுத்தவர் கேக்கைத் தின்றுவிட்டு வருந்துவதுபோல் இருக்கும்.

வாக்கியத்துக்கு வாக்கியம் ‘வதாஷி வா’, அதாவது ‘நான்’, போடுவதையும் விட்டுவிடுங்கள். நாட்குறிப்பில் வேறு யார் இருக்கிறார்கள்?

திருத்தம் தினமும் வேண்டாம். நான் படித்த காலத்தில் ஓர் ஆசிரியர் என் முழுப் பக்கத்தையும் சிவப்பு மையால் நிரப்பித் தந்தார். திருத்தியது எல்லாம் நியாயம்தான். ஆனாலும் நான் அதன்பின் ஏழு மாதம் நோட்டைத் திறக்கவில்லை. எனவே இப்படிச் செய்யுங்கள். வலப்பக்கத்தில் மட்டும் எழுதி இடப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த வாரத்தின் ‘நி’, ‘தே’, ‘ஓ’ எல்லாவற்றுக்கும் அடிக்கோடிட்டு நீங்களே ஒரு முறை பாருங்கள். பிறகு ஒரே ஒரு நாளின் பக்கத்தை ஆசிரியையிடம் கொடுத்து, “இதில் உருபுகளை மட்டும் பாருங்கள்” என்று கேளுங்கள். அடுத்த வாரம் பெயரடைகள். திருத்திய வாக்கியத்தை இடப்பக்கத்தில் எழுதுங்கள். வலப்பக்கத்துப் பிழையை அழிக்க வேண்டாம். இலக்கணப் பிழையை நீங்களே ஓரளவு பிடித்துவிடலாம். பிழையே இல்லாத, ஆனால் எந்த ஜப்பானியரும் சொல்லாத வாக்கியத்தை மட்டும் தனியாகப் பிடிக்க முடியாது. அதற்குத்தான் அந்த வாரம் ஒரு பக்கம்.

தேர்வை மனத்தில் வைத்துக் கேட்டிருந்தால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜேஎல்பிடி தேர்வில் கட்டுரை எழுதும் பகுதியே கிடையாது. எல்லாம் விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். உருபுக் கேள்விகளில் டைரி கைகொடுக்கும், கேட்டல் பகுதியில் கொடுக்காது. தேர்வுக்கு முந்தைய மாதம் பத்து நிமிடத்தை ஐந்தாகக் குறைத்து, மிச்சத்தைக் கேட்பதற்குக் கொடுங்கள்.

விட்ட நாட்களைச் சேர்த்து எழுத உட்காராதீர்கள். அன்றைய தேதியிலிருந்து தொடங்குங்கள். நம் ‘ஆரம்ப சூரர்’ போல ஜப்பானியரிடமும் ஒரு சொல் உண்டு: ‘மிக்கா போஸு’, மூன்று நாள் துறவி. அதே மிக்காதான், மூன்றாம் தேதிக்கு நீங்கள் எழுதும் சொல். நீங்கள் ஒரு வாரம் தாக்குப்பிடித்திருக்கிறீர்கள், ஆகவே அந்தப் பட்டம் உங்களுக்குப் பொருந்தாது.