ஓராண்டு கழித்துச் சேர அனுமதி கேட்கும் கடிதம்

கேள்வி: இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.எஸ்ஸி. படிக்க வரும் செப்டம்பருக்கு இடம் கிடைத்து, முன்பணமும் கட்டிவிட்டேன். விசாவுக்கு வேண்டிய சேர்க்கை உறுதி எண்ணான சிஏஎஸ் இன்னும் வாங்கவில்லை. ஜூன் மாதம் அப்பச்சிக்கு மதுரையில் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. கடையை ஆத்தாவும் நானும்தான் பார்க்கிறோம். கல்விக் கடனுக்கு அப்பச்சிதான் இணை விண்ணப்பதாரர். ஓராண்டு தள்ளிச் சேர அனுமதி கேட்க வேண்டும். நோயைப் பற்றி எழுதாதே, விசா தாமதம் என்று எழுது என்கிறார் அம்மான். இதை விட்டுவிட்டு அடுத்த ஆண்டு புதிதாக விண்ணப்பிக்கலாம் என்கிறார் ஏஜென்ட். என்ன எழுதுவது, எவற்றை இணைப்பது? ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வை 2025 ஆகஸ்ட்டில் எழுதினேன்.
— வாசகி, தேவகோட்டை

பதில்: அன்புள்ள வாசகிக்கு, உங்கள் தந்தையார் விரைவில் நலம் பெற வேண்டும். சிஏஎஸ் வாங்குவதற்கு முன்பே இந்த முடிவுக்கு வந்தது உங்களுக்கு மிகவும் சாதகமானது. அந்த எண் வழங்கப்பட்டுவிட்டால் அதைப் பல்கலைக்கழகம் திரும்பப் பெற்று, அடுத்த ஆண்டுக்குப் புதிதாக ஒன்று வழங்க வேண்டியிருக்கும். விசாவும் வந்துவிட்டால் அதையும் ரத்து செய்து, கட்டணம் கட்டி மறுபடி விண்ணப்பிக்க நேரும். உங்களுக்கு அந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

அம்மான் சொல்வதை முதலில் பார்ப்போம். உங்கள் நன்மையை நினைத்துத்தான் அவர் சொல்கிறார். ஆனால் அந்தக் காரணம் ஒரு நிமிடம்கூட நிற்காது. சிஏஎஸ் எண் இல்லாமல் இங்கிலாந்து மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கவே முடியாது, அந்த எண்ணைக் கொடுப்பதும் பல்கலைக்கழகமேதான். உங்களுக்கு அதை இன்னும் கொடுக்கவில்லை என்பது அவர்கள் பதிவேட்டிலேயே இருக்கும்போது, விசா தாமதமாகிறது என்று நீங்கள் எழுதினால், கடிதத்தைப் படிக்கும் அலுவலருக்கு அது பொய் என்று உடனே தெரிந்துவிடும். அடுத்த ஆண்டு உங்களுக்கு சிஏஎஸ் கொடுப்பதா என்று முடிவு செய்பவர்களும் அவர்களே. உண்மையான காரணம் வலுவாக இருக்கும்போது பொய்யான காரணத்தைத் தேடிப் போக வேண்டாம்.

ஏஜென்ட்டின் யோசனையும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. புதிதாக விண்ணப்பித்தால் இடம் கிடைக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. கட்டிய முன்பணமும் போகக்கூடும், ஏனென்றால் விசா மறுக்கப்பட்டால் திருப்பித் தரும் பல்கலைக்கழகங்கள்கூட, மாணவர் தாமாக விலகினால் பெரும்பாலும் தருவதில்லை. ஆகவே இணையதளத்தில் உங்கள் விண்ணப்பப் பக்கத்தில் இருக்கும் விலகல் பொத்தானை எக்காரணம் கொண்டும் அழுத்தாதீர்கள். ஒத்திவைக்கக் கேட்பதும் விலகுவதும் வேறு வேறு. அந்தப் பக்கத்திலேயே ஒத்திவைப்புக்கென்று படிவம் இருந்தால் அதில் கேளுங்கள்; இல்லையென்றால், விண்ணப்பத்தில் நீங்கள் கொடுத்திருந்த அதே மின்னஞ்சல் முகவரியிலிருந்து சேர்க்கைப் பிரிவுக்கு எழுதி, ஏஜென்ட்டுக்கும் ஒரு படி அனுப்புங்கள்.

இனிக் கடிதத்துக்கு வருவோம். இத்தகைய கடிதத்தைப் படிப்பவர் இரண்டு விஷயங்களைத் தேடுவார். இந்த ஆண்டு ஏன் வர முடியவில்லை என்பது ஒன்று, அடுத்த ஆண்டு நிச்சயம் வருவாரா என்பது இன்னொன்று. நம் பிள்ளைகள் எழுதும் கடிதங்களில் முதலாவது பக்கம் பக்கமாக இருக்கும், இரண்டாவது பற்றி ஒரு வரியும் இருக்காது. உங்கள் விஷயத்தில் இதைவிட நுட்பமான ஒரு கேள்வியும் எழும். பைபாஸ் செய்துகொண்டவர்கள் பொதுவாக இரண்டு மூன்று மாதங்களில் அன்றாட வேலைகளுக்குத் திரும்பிவிடுகிறார்கள் என்பது அந்த அலுவலருக்கும் தெரிந்திருக்கும். ஜூனில் அறுவை சிகிச்சை என்றால் செப்டம்பருக்குள் மூன்று மாதம் ஆகிவிடுமே, பிறகு எதற்கு ஓராண்டு என்று அவர் நினைப்பார். நோயை மட்டும் எழுதி நிறுத்தினால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. மறுப்போ, ஜனவரியில் சேருங்கள் என்ற பதிலோ வரலாம்.

உங்கள் விடை கடன் விஷயத்தில் இருக்கிறது. கடையின் வருமானத்தைக் காட்டித்தான் கடன் கேட்டிருப்பீர்கள். நடத்துபவர் படுத்திருக்கும் இந்த மாதங்களில் அந்த வருமானம் குறையும், இணை விண்ணப்பதாரரின் நிலை மாறியதால் வங்கியும் மறுபரிசீலனை செய்யும். ஊரில் பெரிய வீடு இருக்கிறதே என்று வெளியார் கேட்கலாம். பங்காளிகள் பலருக்கு உரிமையுள்ள பூர்வீக வீட்டை ஒருவர் கையெழுத்தில் அடமானம் வைக்க முடியாது என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனவே மருத்துவக் காரணத்தையும் பணக் காரணத்தையும் ஒன்றிலிருந்து ஒன்று வருவதாகச் சேர்த்தே எழுதுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். முதல் வரியிலேயே விண்ணப்ப எண், படிப்பின் பெயர், 2026 செப்டம்பரிலிருந்து 2027 செப்டம்பருக்கு மாற்றக் கோருகிறேன் என்ற வேண்டுகோள் ஆகிய மூன்றும் வந்துவிட வேண்டும். அடுத்த பத்தியில், தந்தைக்கு இன்ன தேதியில் இருதய அறுவை சிகிச்சை நடந்தது, மருத்துவர் இன்ன மாதம் வரை ஓய்வும் துணையும் வேண்டும் என்று கூறியிருக்கிறார், குடும்பத்தின் வருமானமும் என் கடனும் அவர் நடத்தும் கடையைச் சார்ந்தவை, வங்கி இன்ன மாதத்துக்குப் பிறகு மீண்டும் பரிசீலிக்கும் என்று தேதிகளோடு எழுதுங்கள். ஜனவரிச் சேர்க்கை உள்ள படிப்பாக இருந்தால், அதற்குள்ளும் கடன் முடிவாகாது என்பதைத் தனி வாக்கியமாகச் சொல்லுங்கள். மூன்றாவது பத்தியில், முன்பணம் கட்டியிருப்பதையும், வேறெங்கும் சேரப் போவதில்லை என்பதையும், எந்த மாதத்தில் கடன் ஏற்பாட்டை முடித்து சிஏஎஸ் கேட்பீர்கள் என்பதையும் எழுதுங்கள். கடைசியில் மூன்று கேள்விகள்: முன்பணம் அடுத்த ஆண்டுக்கு அப்படியே செல்லுமா, உதவித்தொகை அறிவித்திருந்தால் அது தொடருமா, எந்த ஆண்டின் கட்டணம் பொருந்தும்? பெரும்பாலும் சேரும் ஆண்டின் கட்டணம்தான் பொருந்தும், உதவித்தொகை தானாகத் தொடராது. ஆகவே இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கணக்குப் போட வேண்டும்.

இணைப்புகளுக்கு நான் சொல்லும் அளவுகோல் ஒன்றுதான். கடிதத்தில் தேதியோடு நீங்கள் சொல்லும் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தாள் இருக்க வேண்டும், எந்தச் செய்தியையும் தாங்காத தாள் எதுவும் இருக்கக் கூடாது. மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி போதும்; இசிஜி, ஆஞ்சியோகிராம், மருந்துக் கடை ரசீது என்று முழுக் கோப்பையும் அனுப்புவது தந்தையாரின் அந்தரங்கத்தை வீணாகப் பரப்புவதாகும். அனுப்புவதற்கு முன் அவரிடம் சம்மதம் கேளுங்கள், ஆதார் எண் இருந்தால் மறைத்துவிடுங்கள். சம்மரியில் நடந்த சிகிச்சை இருக்கும், ஆனால் இனி எவ்வளவு காலம் துணை வேண்டும் என்பது பெரும்பாலும் இராது. அதற்காக மருத்துவரிடம், அவருடைய பெயர் அச்சிட்ட தாளில், தேதியும் பதிவு எண்ணும் கையெழுத்துமாக நான்கு வரிக் கடிதம் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். அடுத்த பரிசோதனைக்கு மதுரை செல்லும் நாளிலேயே கேட்டு வாங்கிவிடலாம். வங்கிக் கிளையில், கடன் விண்ணப்பம் மறுபரிசீலனையில் உள்ளது என்று எழுத்தில் கேளுங்கள். தயங்கினால், நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலும் அவர்கள் தந்த பதிலுமே சான்றாகும்.

நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலை இங்கே சொல்லியாக வேண்டும். மருத்துவமனைத் தாளில் தந்தையின் பெயர் ‘ஏஆர்.’, ‘எஸ்பி.’ போன்ற இரட்டை எழுத்துத் தலைப்போடு இருக்கும். உங்கள் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்திலோ அதே பெயர் தாத்தாவின் பெயரோடு முழுமையாக விரிக்கப்பட்டிருக்கும். நமக்கு இரண்டும் ஒருவர் என்று பார்த்தவுடன் தெரியும், வெளிநாட்டு அலுவலருக்கு அது இரண்டு ஆட்களாகத் தோன்றும். அந்தப் பாஸ்போர்ட் பக்கத்தையும் பிறப்புச் சான்றிதழையும் இணைத்து, தலைப்பெழுத்து தந்தையின் தந்தை பெயரைக் குறிக்கிறது, இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று கடிதத்தின் அடியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தமிழில் மட்டும் உள்ள தாள் எதுவாக இருந்தாலும் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்போடுதான் போக வேண்டும்.

உங்கள் ஐஇஎல்டிஎஸ் தேதியைப் பார்த்ததும் எனக்குக் கவலை வந்தது. அதன் செல்லுபடிக் காலம் இரண்டு ஆண்டுகள். 2025 ஆகஸ்ட்டில் எழுதியது 2027 ஆகஸ்ட்டில் முடிகிறது, உங்கள் வகுப்போ 2027 செப்டம்பரில் தொடங்குகிறது. சிஏஎஸ் தரும் நாளில் செல்லுபடியானால் போதும் என்பார்கள் சில பல்கலைக்கழகங்களில், வகுப்பு தொடங்கும் நாளில் செல்லுபடியாக வேண்டும் என்பார்கள் வேறு சிலவற்றில். ஆகவே இதை அந்தக் கடிதத்திலேயே நான்காவது கேள்வியாகக் கேட்டுவிடுங்கள். மறுபடி எழுத வேண்டும் என்று பதில் வந்தால், அவசரமில்லாமல் 2027 ஜனவரி வாக்கில் எழுதலாம். வங்கி இந்த ஆண்டு ஏற்கெனவே கடன் அனுமதிக் கடிதம் தந்திருந்தாலும் அதை அடுத்த ஆண்டு விசாவுக்குக் காட்ட முடியாது. புதிய தேதியில் ஒன்று வேண்டும்.

பதில் எழுத்தில் வராத வரை அனுமதி கிடைத்ததாக எண்ணாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆலோசனை கேட்ட பள்ளத்தூர் மாணவர் ஒருவர், தொலைபேசியில் ‘சரி, அடுத்த ஆண்டு வாருங்கள்’ என்று கேட்டதையே நம்பியிருந்தார். நானும் அப்போது எழுத்தில் வாங்கச் சொல்லி வற்புறுத்தவில்லை. அடுத்த ஆண்டு அவருடைய விண்ணப்பம் முடித்து வைக்கப்பட்டதாகவே பதிவில் இருந்தது. அனுமதி என்றால் 2027 செப்டம்பர் என்று தொடக்கத் தேதி மாறிய புதிய சேர்க்கைக் கடிதம் உங்கள் கைக்கு வர வேண்டும். அது வந்ததும் தேதி, கட்டணம், முன்பணம் வரவு வைக்கப்பட்டது ஆகிய மூன்றும் சரியா என்று பாருங்கள். பத்து வேலை நாட்களில் பதில் இல்லையென்றால் அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாக மீண்டும் கேளுங்கள்.

சில படிப்புகளுக்கு ஒத்திவைப்பே கிடையாது, தருகிற இடங்களிலும் பெரும்பாலும் ஒரு முறைதான். மறுப்பு வந்தால், அந்தப் பதிலை வைத்துக்கொண்டு முன்பணத்தைத் திருப்பித் தருமாறு அதே மருத்துவச் சான்றுகளோடு தனியாகக் கேளுங்கள், அதன் பிறகு ஏஜென்ட் சொன்னபடி புதிதாக விண்ணப்பிக்கலாம். கடன் விஷயத்தில் இன்னொன்று: ஆத்தா பெயரில் வருமான வரிக் கணக்கு இருக்குமானால், அவரையும் இணை விண்ணப்பதாரராகச் சேர்க்க முடியுமா என்று வங்கியில் இப்போதே கேட்டு வையுங்கள். முடியும் என்றால், அதையும் கடிதத்தின் மூன்றாவது பத்தியில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.