வாங்கும் முன்: கனடா விசாவுக்கு யாரிடம் போவது?

கேள்வி: கணவரும் நானும் ஸ்டாஃப் நர்ஸ். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் கனடா பி.ஆர். போட ஒரு கன்சல்டன்ட் 3.5 லட்சம் கேட்கிறார், முன்பணம் 1.5 லட்சம். பதிவு பெற்றவராம், சான்றிதழ் சுவரில் இருக்கிறது. அவரா, வக்கீலா, நாங்களே போடலாமா?
- வாசகி, சத்துவாச்சாரி

பதில்: சுவரில் தொங்குவது கடை வைத்ததற்கான ஜி.எஸ்.டி. பதிவாகக்கூட இருக்கலாம். கனடா விண்ணப்பத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லும் உரிமை பெரும்பாலும் இரண்டு பேருக்குத்தான். ஒருவர் அந்நாட்டு மாகாண வழக்கறிஞர் சங்க உறுப்பினர். மற்றவர் ஆர்.சி.ஐ.சி. எனப்படும் உரிமம் பெற்ற ஆலோசகர். உங்கள் ஊர் கோர்ட்டில் வாதாடும் வக்கீலாக இருந்தாலும், அங்கே உறுப்பினராக இல்லையென்றால் அவருக்கும் இதில் வேலை இல்லை.

உரிம எண்ணைக் கேளுங்கள். college-ic.ca தளத்தின் பதிவேட்டில் அந்தப் பெயரையும் எண்ணையும் போட்டு, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலானவர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். இங்கேதான் கோளாறே. அந்த எண் கனடாவில் இருக்கும் வேறு யாருடையதோ ஆக இருக்கலாம். அதனால் தரகர் தரும் நம்பரை விட்டுவிட்டு, பதிவேட்டில் உள்ள தொடர்புக்கு நீங்களே எழுதி, "இந்த அலுவலகம் உங்களுக்காக வேலை செய்கிறதா, என் ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா" என்று கேளுங்கள். பதில் வராமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

அடுத்து IMM 5476 படிவம். உங்கள் பிரதிநிதி யார் என்று அரசுக்குச் சொல்லும் தாள் அது. நீங்களும் அவரும் கையெழுத்திட வேண்டும். போலி ஆசாமி அதைத் தொடமாட்டார். உங்கள் பெயரில் ஒரு ஜிமெயில் திறந்து, பாஸ்வேர்டைத் தானே வைத்துக்கொண்டு, நீங்களே போட்டதுபோல விண்ணப்பிப்பார். கடிதமெல்லாம் அவர் பெட்டிக்குப் போகும். அனுபவச் சான்றிதழில் அவர் கைவைத்திருந்தால் பொய் சொன்ன பழி உங்கள் தலையில்தான் விழும். 5 வருடத் தடை. "மெயில் ஐடி நாங்களே போட்டுக்கறோம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் கேஸில் நீங்களே போடலாம். சுயவிவரம் பதிய கட்டணம் இல்லை. அழைப்பு வந்தபின் 60 நாளில் ஆவணங்களை ஏற்ற வேண்டும், ஐ.இ.எல்.டி.எஸ்., பட்ட மதிப்பீடு இரண்டும் அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். அரசுக் கட்டணம் 2024 ஏப்ரல் 30 திருத்தப்படி ஆளுக்கு 1,525 டாலர், பயோமெட்ரிக்ஸ் 85. இருவருக்கும் 3,220 கனடிய டாலர், ஏறக்குறைய 2 லட்சம் ரூபாய். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கட்டணம் ஏறும் என்பதால் கட்டும் அன்று தளத்தில் பாருங்கள். அவர் சொல்லும் 3.5 லட்சத்தில் இது அடக்கமா என்று கேட்டீர்களா? ஆலோசகரின் கூலியை அரசு நிர்ணயிப்பதில்லை. எந்த வேலைக்கு எவ்வளவு, நடுவில் விலகினால் எவ்வளவு திரும்பும் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். லாங்கு பஜாரில் வெள்ளைத்தாள் ரசீதுக்கு இன்வர்ட்டர் வாங்கியவன் நான், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: கனடிய முதலாளி வெளிநாட்டு ஆளை எடுக்க அந்நாட்டு அரசு தரும் அனுமதிதான் எல்.எம்.ஐ.ஏ.வாம். 8 லட்சம் தனியாகக் கொடுத்தால் அதோடு வேலை ஆஃபர் வாங்கித் தந்து, எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் 50 மதிப்பெண் கூட்டித் தருவதாக எங்கள் கன்சல்டன்ட் சொல்கிறார். வேகமாக முடிவு சொல்ல வேண்டும்.
- வாசகர், காட்பாடி

பதில்: அந்த மதிப்பெண்ணை 2025 மார்ச் 25-ஆம் தேதியே எடுத்துவிட்டார்கள். என்ன வேகம்?

கேள்வி: பொய்த் தகவல் என்று சொல்லி என் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். ஆலோசகர் மறுபடி போடலாம் என்கிறார்.
- வாசகர், ராணிப்பேட்டை

பதில்: தடை இருக்கும்போது மறுபடி போட்டு என்ன பயன்? நீங்கள் போக வேண்டியது கனடிய வக்கீலிடம். ஃபெடரல் கோர்ட்டில் உங்களுக்காக ஆலோசகர் வாதாட முடியாது. வெளிநாட்டிலிருந்து போட்ட விண்ணப்பம் என்றால், முடிவு தெரிந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மனு போக வேண்டும். கடிதத் தேதியை இன்றே பாருங்கள். குற்ற வழக்கு உள்ளவர்களும் முதலிலேயே வக்கீலிடம் போவது நல்லது.

கேள்வி: மகனுக்குக் கனடாவில் பேக்கிங் வேலை என்று நகையை அடகு வைத்து 1.8 லட்சம் கட்டினோம். எட்டு மாதமாகிறது, இப்போது போனை எடுப்பதில்லை.
- ஒரு தாய், குடியாத்தம்

பதில்: உங்கள் மீது தப்பில்லை அம்மா. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983 குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். அவர் பெயர் emigrate.gov.in பட்டியலில் இருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் சென்னையிலுள்ள குடியேறுவோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும், வேலூர் எஸ்.பி. அலுவலகத்துக்கும் புகார் எழுதுங்கள். ஜி-பே பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், அடகு ரசீது எல்லாவற்றையும் நகலெடுத்து இணைக்க வேண்டும். போனை மாற்றினாலும் உரையாடலை அழிக்காதீர்கள். வேலூர் நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டிய தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. "இன்னும் 40 ஆயிரம் கட்டினால் ஃபைல் நகரும்" என்று அவர் திரும்ப அழைக்கக்கூடும். பணம் கட்டாதீர்கள், அந்த அழைப்பையும் பதிவு செய்து புகாரோடு கொடுங்கள்.