14 மாத இடைவெளியை நான்கே வாக்கியத்தில் சொல்வது எப்படி

கேள்வி: கணிதத்தில் பட்டம் முடித்து 14 மாதம் ஆகிறது. முதல் 7 மாதம் மேல்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் படித்தேன், இடம் கிடைக்கவில்லை. அப்புறம் 3 மாதம் உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை. கடைசி 4 மாதமாக எக்செல், எஸ்க்யூஎல் கற்றுக்கொண்டு, மழை அளவுத் தரவை வைத்து ஒரு சின்ன புராஜெக்ட் செய்திருக்கிறேன். விடுபட்ட நாட்களைச் சரிசெய்யவே பாதி நேரம் போய்விட்டது. டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு முதல் இண்டர்வியூ வருகிறது. "இந்த கேப் எதனால்?" என்று கேட்டால், பொய்யும் சொல்லாமல் தயங்கவும் செய்யாமல் எப்படிப் பதில் சொல்வது? அப்படியே சொல்லக்கூடிய மாதிரி எழுதிக் கொடுக்க முடியுமா?

பதில்:

முதலில் பதிலையே தந்துவிடுகிறேன், விளக்கம் அப்புறம்.

"பட்டப்படிப்பு முடிந்ததும் ஏழு மாதம் மேல்படிப்பு நுழைவுத் தேர்வுக்கு முழுநேரமாகப் படித்தேன், இடம் கிடைக்கவில்லை. அடுத்த மூன்று மாதம் தெளிவான திட்டம் இல்லாமல் கழிந்தது. அதன் பிறகு டேட்டா வேலைதான் என்று முடிவெடுத்து, நான்கு மாதமாக எக்செல், எஸ்க்யூஎல் படித்து, மழை அளவுத் தரவை வைத்து ஒரு புராஜெக்ட் முடித்திருக்கிறேன். அதில் விடுபட்ட மதிப்புகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்ததுதான் பெரிய வேலையாக இருந்தது."

இவ்வளவுதான். நிதானமாகச் சொன்னால் அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். புதிதாக வேலைக்கு வருபவர்களை நேர்காணல் செய்யும் குழுக்களில் உட்காருபவன் நான். இந்தக் கேள்விக்கு நீளமான பதில் யாருக்கும் தேவைப்படுவதில்லை என்பதை அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

நான்கு வாக்கியத்தில் உங்களுக்கு மிகவும் உறுத்துவது இரண்டாவதாகத்தான் இருக்கும். "திட்டம் இல்லாமல் கழிந்தது என்று நானே ஏன் சொல்ல வேண்டும்?" என்று தோன்றும். காரணம் கணக்கு. உங்கள் ரெஸ்யூமே எதிரில் இருப்பவர் கையில் இருக்கிறது, படிப்பு முடிந்த மாதம் அதில் இருக்கிறது. நீங்கள் பேசப் பேச அவர் மனதுக்குள் கூட்டிக்கொண்டே வருவார். ஏழும் நான்கும் பதினொன்று. மீதி மூன்று எங்கே என்ற கேள்வி அவருக்கு வந்துவிட்டால், அதன் பிறகு நீங்கள் சொல்லும் புராஜெக்ட் அவர் காதில் ஏறாது. ஏழும் மூன்றும் நான்கும் பதினான்கு என்று கூட்டல் சரியாக வந்தால் அவர் அந்த விஷயத்தை அதோடு விட்டுவிடுவார். மூன்று மாதம் வீணானதை யாரும் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. அதை மறைக்க முயன்றது தெரிந்தால்தான் சங்கடம்.

அந்த மூன்று மாதத்தில் உண்மையிலேயே எந்தத் துறைக்குப் போகலாம் என்று விசாரித்துக்கொண்டிருந்தீர்கள் என்றால், "எந்தத் துறை என்று முடிவு செய்ய மூன்று மாதம் ஆனது" என்று மாற்றிக்கொள்ளலாம். ஆனால் "யார் யாரிடம் பேசினீர்கள், வேறு எதையெல்லாம் யோசித்தீர்கள்?" என்று கேட்டால் சொல்ல உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் நான் மேலே எழுதியதே பாதுகாப்பானது. அது எத்தனை துணைக்கேள்வி வந்தாலும் உடையாது.

முதல் வாக்கியத்தில் "இடம் கிடைக்கவில்லை" என்ற இடத்தில் நிறுத்திவிடுங்கள். பெரும்பாலானவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். "அந்த வருஷம் பேப்பர் ரொம்பக் கஷ்டம்", "கொஞ்ச மார்க்கில் போச்சு", "வீட்டில் சூழ்நிலை சரியில்லை" என்று ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போவார்கள். ஒவ்வொன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர் கேட்டது தேர்வைப் பற்றி அல்ல, இடைவெளியைப் பற்றி. காரணங்களை அடுக்க ஆரம்பித்தால், வேலையிலும் ஒன்று தவறிப்போனால் இப்படித்தான் பேசுவாரோ என்ற சந்தேகம் வரும்.

தேர்வைச் சொன்னதும் ஒரு துணைக்கேள்வி அநேகமாக வரும்: "மறுபடியும் எழுதுவீர்களா?" இதைத்தான் அவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புகிறார். ஆளை எடுத்து, சில மாதம் பயிற்சி கொடுத்து, வேலை பிடிபடும் நேரத்தில் அவர் படிக்கப் போய்விட்டால் குழுவுக்கு நஷ்டம். எழுதப்போவதில்லை என்றால், "இல்லை, அந்த முயற்சியை முடித்துக்கொண்டேன். இந்த நான்கு மாதத்தில் படித்ததெல்லாம் இந்த வேலைக்காகத்தான்" என்று சொல்லுங்கள். எப்போதாவது படிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால், "இப்போதைக்கு இல்லை. சில வருடம் வேலை பார்த்த பிறகு, வேலையோடு சேர்த்துப் படிக்க முடிந்தால் யோசிப்பேன்" என்பது நேர்மையான பதில். அடுத்த தேர்வுக்கே விண்ணப்பம் போட்டுவிட்டு "இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது வேறு மாதிரியான விஷயம். அந்த நிலையில் முழுநேர வேலைக்குப் போகலாமா என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டும்.

இனி நான்காவது வாக்கியம். பதில் இடைவெளியில் முடியக் கூடாது, அவர் அடுத்த கேள்வியைக் கேட்கத் தூண்டும் வேலையில் முடிய வேண்டும். "புதிய திறன்களை வளர்த்துக்கொண்டேன்" என்று முடித்தால் அவருக்குக் கேட்க ஒன்றும் இருக்காது, மறுபடி இடைவெளிக்கே திரும்பி வருவார். "விடுபட்ட மதிப்புகளைச் சரிசெய்தேன்" என்று முடித்தால், "எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்பார். அந்தக் கேள்விதான் உங்களுக்கு வேண்டும். அதற்கான பதில் உங்கள் கையில் தயாராக இருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு, மழை, வெப்பநிலைத் தரவுகளில் அளவு பதிவாகாத நாட்களுக்கு -999 என்று போட்டிருப்பது சகஜம். கவனிக்காமல் கூட்டினால் மாத மழை மைனஸில் வந்து நிற்கும். அதைப் பார்த்ததும் சிலர் -999 எல்லாவற்றையும் 0 ஆக்கிவிடுவார்கள். அதுவும் தப்பு. 0 என்றால் அன்று மழை பெய்யவில்லை என்று அர்த்தம், காலி என்றால் நமக்குத் தெரியாது என்று அர்த்தம். தெரியாத நாளை 0 ஆக்கினால் சராசரி இறங்கிவிடும். எஸ்க்யூஎல்லில் -999 ஐ `NULL` ஆக மாற்றிவிட்டால் `AVG` அந்த நாட்களைக் கணக்கில் சேர்க்காது. ஆனால் ஒரு மாதத்தில் பாதி நாட்கள் காலியாக இருந்தால் அந்த மாதச் சராசரியை நம்பவும் முடியாது, எத்தனை நாள் விடுபட்டது என்பதைப் பக்கத்திலேயே காட்ட வேண்டும். உங்கள் தரவில் நீங்கள் பார்த்தது இதுவாக இல்லாமல் இருக்கலாம். நீங்கள் எதில் சிக்கினீர்களோ அதை இதே அளவு விவரமாகச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் இப்படிப் பேசிவிட்டால் 14 மாதத்தைப் பற்றி அவர் மேலும் தோண்டுவது அபூர்வம். படித்தது நினைவில் இருக்கிறதா, கை பழகியிருக்கிறதா என்ற அவருடைய சந்தேகத்துக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது.

நண்பர்கள் சிலர் வேறு யோசனை சொல்வார்கள். "ஃப்ரீலான்ஸ் பண்ணினேன்னு போட்டுக்கோ", "நாலு மாசக் கோர்ஸை ஏழு மாசம்னு சொல்லு" என்பார்கள். வேண்டாம். ஃப்ரீலான்ஸ் என்றால் யாருக்குச் செய்தீர்கள், எவ்வளவு வாங்கினீர்கள், ஒப்படைத்த வேலையைக் காட்ட முடியுமா என்று அடுத்த கேள்வியே வரும். ஆன்லைன் கோர்ஸ் சான்றிதழில் முடித்த தேதி அச்சாகியிருக்கும். வேலை உறுதியான பிறகு பல நிறுவனங்கள் சான்றிதழ்களையும் தேதிகளையும் சரிபார்க்கும். கையில் ஆஃபர் வந்த பிறகு இந்த இடத்தில் சிக்கி அதை இழப்பது ரொம்பக் கொடுமை. அதுவும் உங்களிடம் சொல்லத்தக்க நிஜமான வேலை இருக்கும்போது.

சொல்லும் தொனி பற்றி. பதிலை வார்த்தைக்கு வார்த்தை மனப்பாடம் செய்யாதீர்கள், நடுவில் ஒரு சொல் மறந்தால் மொத்தமும் நின்றுவிடும். ஏழு மாதம் தேர்வு, மூன்று மாதம் திட்டமில்லை, நான்கு மாதம் படிப்பு, மழைத் தரவு என்று நான்கு கொக்கிகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்லிப் பாருங்கள். போனில் பதிவு செய்து கேளுங்கள். "இடம் கிடைக்கவில்லை" என்ற இடத்தில் குரல் இறங்கும் அல்லது வேகம் கூடும், கவனியுங்கள். எல்லோருக்கும் அப்படித்தான் ஆகும். உங்கள் கல்லூரிப் பெயரைச் சொல்லும் அதே வேகத்தில் அதையும் சொல்ல வரும்வரை பழகுங்கள். "மன்னிக்கணும்", "சும்மாதான் சார் இருந்தேன்", "துரதிர்ஷ்டவசமாக" போன்ற சொற்கள் பதிவில் கேட்டால் எடுத்துவிடுங்கள். நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

கடைசி வாக்கியம் முடிந்ததும் வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் குறிப்பெழுதிக்கொண்டு சில வினாடி ஒன்றும் பேசாமல் இருப்பார். அந்த மௌனம் தாங்காமல் "அதாவது என்னன்னா..." என்று ஆரம்பித்துத்தான் பலர் நன்றாகச் சொன்ன பதிலையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

இண்டர்வியூ ஆங்கிலத்தில் நடந்தால் இதே நான்கையும் சிறு சிறு வாக்கியங்களாக உடைத்துச் சொல்லுங்கள், வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். அவர்களாக இடைவெளியைப் பற்றிக் கேட்காவிட்டால் நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். ஆனால் விண்ணப்பப் படிவத்தில் அதற்கென்று தனிக் கட்டம் இருந்தால் காலியாக விடாமல், இதே மாதக் கணக்கை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். வாயால் சொல்வதும் அங்கே எழுதியிருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.